மாதாவின் கிரீடத்தில் மூன்று தாலி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனால் வெள்ளியின் மேல் தங்கம் எத்தனை கனம் ஏறியிருக்கிறது என்பதை என் கட்டைவிரல் சொல்லிவிடும். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் தங்க முலாம் பூசும் பத்தர். ராயபுரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடலுக்குப் போகிற சந்தில் எங்கள் வீடு. அந்தச் சந்தில் மற்ற எல்லோரும் கட்டுமரக்காரர்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். பத்தர் வீடு எங்களுடையது ஒன்றுதான். கோயில் சாமான்களுக்கு முலாம் என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பூசைக் கிண்ணத்தின் உள்பக்கம், சுரூபத்தின் கிரீடம், திருநாளில் தூக்கிப் போகிற சிலுவை எல்லாம் வெள்ளியில் செய்து மேலே தங்கம் ஏற்றியவை. பூசுவது அவர் வேலை. கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவது என் வேலை.

அந்த நாளிலேயே பட்டணத்தில் பாட்டரித் தண்ணீரில் முக்கி எடுக்கிற முலாம் வந்துவிட்டது. மூன்று வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் முடிந்துவிடும். பளபளவென்று இருக்கும். நெடுநேரம் முக்கி வைத்தால் அதிலும் கனமாக ஏற்றலாம், ஆனால் யார் வைக்கிறார்கள்? ஒரு தலைமுடியை நூறாகப் பிளந்தால் வருகிற பங்கு அளவுதான் அதில் தங்கம் இருக்கும். கழுத்தில் போட்டால் வேர்வைக்கு ஒரு வருஷம் நிற்காது. அவர் செய்தது நெருப்பு முலாம். தங்கத்தைத் தகடாக அடித்து, சூடான பாதரசத்தில் போட்டால் வெண்ணெய் மாதிரிக் கரைந்து குழைந்துவிடும். அந்தக் குழம்பை வெள்ளியின் மேல் பித்தளைக் கம்பித் தூரிகையால் தடவி, கரி நெருப்பில் காட்ட வேண்டும். ரசம் புகையாகப் போய்விடும், தங்கம் வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நிற்கும்போது மஞ்சள் களிமண் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். அப்புறம் என் கல் பட்டால்தான் பொன்னாகும். அப்படி இரண்டு தரம், மூன்று தரம் ஏற்றினால், தலைமுடியை எட்டாகப் பிளந்த ஒரு பங்கு கனம் வரும். தொடாமல் விட்டுவைத்தால் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளை பார்க்கும்.

கடற்காற்று கரியை அணைத்துவிடும் என்று அவர் பின்கட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார். அந்தப் புகை என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது. முதலில் ஈறு வீங்கியது. அப்புறம் விரல் நடுங்கியது. அப்புறம் கை. நான் நினைத்தேன், வயசு என்று. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

எங்கள் சந்தின் முனையில் ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. சீமையிலிருந்து வந்த வெள்ளிக் கிரீடம் அந்த மாதாவுக்கு. கெட்டியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் செம்பு கலந்து செய்த வெள்ளி அது. ஒரு மழைக்காலத்தில் போன கட்டுமரம் ஒன்று திரும்பவில்லை. மூன்று ஆண்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் மூன்று பேரும் தாலியைக் கழற்றி, விற்க மாட்டோம், மாதா தலையில் வையுங்கள் என்று கோயில் வாசலில் வைத்தார்கள். சந்துப் பெரியவர், அவரை எல்லோரும் நைனா என்று கூப்பிடுவோம், அந்தத் தாலிகளை ஒரு துணியில் முடிந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிரீடத்துக்கு மூன்று தாலித் தங்கமும் ஏறியது. துளி மிச்சம் வைக்கவில்லை. தட்டில் ஒட்டின தூளைக்கூட என் வீட்டுக்காரர் விரலில் தொட்டு எடுத்துக் குழம்பில் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு திருநாள் கழிந்தது. மூன்றாவது திருநாளுக்கு முன்னால் நைனா ஆள் அனுப்பினார். கோயிலுக்குப் போனால் சந்தே கூடியிருந்தது. மேசைமேல் கிரீடம். கிரீடத்தின் முகடெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பள்ளத்தில் மட்டும் மஞ்சள்.

"பத்தரே, இன்னாது இது?" என்றார் நைனா.

என் வீட்டுக்காரர் கிரீடத்தைக் கையில் எடுக்கப் போனார். கை ஆடியது. பின்னால் இழுத்துக்கொண்டார்.

மூன்று பெண்களில் மூத்தவள் முன்னால் வந்தாள். எனக்கு அக்கா முறை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் நாங்கள். அவள் புருஷன் போன அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

"மூணு பேரு தாலிமே அது," என்றாள் என்னைப் பார்த்து. "எங்க வூட்டு ஆளுங்க கடல்ல கீறாங்க. அவங்க கட்டுனது எங்க கீது? உன் வூட்டு அடுப்புலயா?"

"அக்கா, அவ்வளவும் இதுலதான் ஏத்துனோம்," என்றேன்.

"நூறு வருசம் நிக்கும்னு உன் வூட்டுக்காரரு சொன்னாரே. மூணு வருசம் நிக்கல. பட்டணத்து கில்ட்டு பூசிட்டு வந்துட்டீங்களா?"

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். "பத்தரு தன் தாயி தோட்டுலயும் துளி எடுப்பான்னு சும்மாவா சொன்னாங்க."

நான் கிரீடத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். யாரும் தடுக்கவில்லை. வெள்ளை தெரிந்த இடமெல்லாம் மெல்லிய கீறல், வட்ட வட்டமாக. ஒரே கை திரும்பத் திரும்பச் சுற்றின வட்டம். பானை துலக்குகிற வட்டம்.

"இத யாரு துலக்கறது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றாள் அக்கா. நிமிர்ந்து நின்று சொன்னாள். "சனிக்கெயம தவறாம. வேற எவளயும் தொட வுடல. கடல் காத்துல ஓரமெல்லாம் கருப்பு புடிச்சிகினு வருது, மாதா தல கலீஜா இருக்கலாமா? செங்கல்லு பொடி, புளி, தேங்கா நாரு. தேச்சி வச்சா அப்படியே நெலா மாதிரி கீது."

எனக்குப் புரிந்துவிட்டது. முழுத்தங்கம் என்றால் தேய்க்கலாம், தேயத் தேய உள்ளேயும் தங்கம்தான். இது தோல். முகட்டில் தோல் தேய்ந்தால், காற்று பட்டு வெள்ளி கறுக்கும். கறுத்ததைப் பார்த்து இன்னும் தேய்ப்பாள். தேய்த்தால் இன்னும் கறுக்கும். அவள் தன் கையாலேயே தன் தாலியை வாரா வாரம் உரித்துவிட்டாள். இதை எப்படிச் சொல்வேன்? அவள் முகத்தைப் பார்த்தேன். கிரீடத்தை மேசைமேல் திரும்ப வைத்தேன்.

நைனா சொன்னார், "பத்தரே, பேச்சு வேணாம். கிரீடத்து மேல கைய வச்சி சத்தியம் பண்ணு. அதோட முடிச்சிக்கலாம்."

அவர் கையை நீட்டினார். நீட்டின கை கிரீடத்தில் பட்டதும் கிரீடமே மேசைமேல் கடகடவென்று ஆடியது. மரத்தில் வெள்ளி தட்டுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. அவர் இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.

"மாதா ஏத்துக்கல," என்று ஒரு கிழவி சொன்னாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒருவரும் எதையும் கேட்கத் தயாராக இல்லை.

திருநாள் கொடியேறுவதற்குள் போன தங்கத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சந்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்று நைனா சொன்னார். அதுவரை எங்களுக்குக் குழாயில் தண்ணீர் கிடையாது, அக்கம்பக்கத்தில் அடுப்புக்கு நெருப்பும் கிடையாது. நான் குடத்தோடு போனால் பெண்கள் நகர்ந்து வந்து குழாயை மறைத்து நின்றுகொண்டார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனால் கஞ்சி மார்பில் கொட்டியது.

"உன் கம்மலக் குடுமே," என்றார். "உருக்கி ஏத்திடலாம்."

"ஏத்துனா?"

"வுட்டுடுவாங்க."

"திருடுனதத் திருப்பிக் குடுத்தான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். எடுத்தேன்னே நானும் சொல்லிடறேன். என்னால முடியல. வேலயும் போச்சி, கையும் போச்சி. பேரு இருந்து இன்னா பண்ணப் போவுது?"

என் கம்மல் எனக்குப் பெரிதில்லை. ஆனால் நான் கழற்றவில்லை. அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டபிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை. மெருகுக்கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தப்பிப்பார். சொன்னால் அக்கா என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் இவர் என்ன ஆவார்? சரி, சொன்னாலும் யார் நம்புவார்கள்? தேய்ந்த தங்கத்தைக் கண்ணில் காட்ட முடியுமா?

அப்போதுதான் குழி நினைவுக்கு வந்தது.

மாதாவின் மேல் பட்ட தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்ற மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். கோயில் சுவரை ஒட்டிச் செங்கல் வைத்துக் கட்டின ஒரு சின்னக் குழி இருந்தது. மேலே கல் மூடி. துணி அலசின தண்ணீர், கிரீடம் கழுவின தண்ணீர் எல்லாம் அதில்தான். அக்கா அந்த வழக்கத்தை ஒரு நாளும் தவறுகிறவள் இல்லை. தங்கம் கனம். தண்ணீர் மண்ணில் இறங்கிப் போகும், தங்கம் போகாது. அடியில்தான் கிடக்கும்.

விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன்.

"அக்கா, தங்கம் என் வூட்ல இல்ல. உன் புளித்தண்ணில கீது."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன். தோல் எவ்வளவு கனம், செங்கல் பொடி என்ன செய்யும், கறுப்பு ஏன் வந்தது என்று எல்லாம். சொல்லச் சொல்ல அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

"பொய்யி," என்றாள். "உன் புருசனக் காப்பாத்த என் தலைல போடறியா? நானா? என் தாலிய நானா?"

"குழியத் தோண்டட்டும். இல்லன்னா நாங்க போயிடறோம்."

"தோண்டு. இல்லன்னா உன்ன நானே கயுத்தப் புடிச்சி வெளிய தள்ளறேன்."

அவள்தான் நைனாவிடம் போய்ச் சொன்னாள். என்னைப் பொய்க்காரி ஆக்குவதற்காகத்தான் சொன்னாள். அது எப்படியோ, அவள் சொல்லாவிட்டால் குழியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

அந்த வேலையைக் கடற்கரையில் செய்தேன், பகலில், எல்லோரும் பார்க்க. குழியின் அடியில் இருந்த சேற்றையெல்லாம் நைனாவே கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்தேன். அவர் கை எதையும் தொடக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். தொட்டால் உள்ளே போட்டான் என்பார்கள். என் வளையல், கம்மல் எல்லாவற்றையும் கழற்றி நைனா கையில் கொடுத்தேன். முந்தானையையும் உதறிக் காட்டினேன்.

நல்ல தண்ணீரில் சேற்றை அலசி அலசி, மேலே மிதக்கிற நார், புளிச்சக்கை எல்லாம் போக்கினேன். கனமான மண்ணை மட்டும் நிறுத்தி, அதில் ரசத்தை ஊற்றி உரலில் அரைத்தேன். ரசம் மண்ணைத் தொடாது, தங்கத்தையும் வெள்ளியையும் மட்டும் பொறுக்கிக்கொள்ளும். அப்புறம் ரசத்தைக் கழுவி, துணியில் கட்டிப் பிழிந்தேன். நல்ல ரசம் துணி வழியாக ஒழுகிவிட்டது. துணிக்குள் வேர்க்கடலை அளவு ஒரு களி நின்றது. அதைக் கரி நெருப்பில் வைத்தேன். அந்தப் புகைதான் அவர் கையைக் கெடுத்தது என்று அதற்குள் எனக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. காற்று என் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி பார்த்து உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் நின்றவர்களை நகரச் சொன்னேன். புகை கடல் பக்கம் போயிற்று. ஜன்னலைச் சாத்தின அந்தப் பின்கட்டை நினைத்துக்கொண்டேன். இத்தனை காற்று வெளியே சும்மா கிடந்ததே.

புகை நின்றதும் எட்டிப் பார்த்தார்கள். நெருப்பில் கிடந்தது வெள்ளையாக ஒரு கட்டி.

"வெள்ளி," என்றான் ஒருவன்.

"வெள்ளிக் கிரீடத்தத் தேச்சா வெள்ளிதான வரும். தங்கம் இருந்தா மஞ்சளா வராதா?" என்றார் நைனா. அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் பயம் வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். முகட்டில் தங்கம் போனபிறகு எத்தனை சனிக்கிழமை வெறும் வெள்ளியைத் தேய்த்தாளோ. வெள்ளிதான் நிறைய இருக்கும். தங்கம் அதற்குள் ஒளிந்திருக்கும். இல்லாமலே போயிருந்தாலும் போயிருக்கும். மழையில் மேலே வழிந்து ஓடியிருந்தால்?

"திராவகத்த ஊத்து," என்றார் என் வீட்டுக்காரர்.

பீங்கான் கிண்ணத்தில் கட்டியை வைத்து, வெள்ளியைக் கரைக்கிற திராவகத்தை ஊற்றி, சூடான மணலில் வைத்தேன். செங்கல் நிறத்தில் புகை எழுந்தது. கட்டி பொருமி, நுரைத்து, சிறுத்துக்கொண்டே போயிற்று. தண்ணீர் நீலம் பாய்ந்தது, அது கிரீடத்து வெள்ளியில் கலந்திருந்த செம்பு. கட்டி போய்விட்டது. கிண்ணத்தின் அடியில் காப்பி மண்டி மாதிரி ஒரு கறுப்புத் தூள் மட்டும் கிடந்தது.

"மண்ணு," என்று அதே கிழவி சொன்னாள். "அவ்ளோதான். மண்ணு."

சிலர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

தூளை நாலைந்து தண்ணீரில் கழுவி, ஒரு சின்ன மண் மூடியில் வைத்து, நெருப்பின் நடுவில் வைத்து ஊதினேன். மூடி சிவந்தது. எடுத்து மணலில் வைத்தேன். சிவப்பு ஆற ஆற, தூள் நிறம் மாறியது. பழுப்பு, அப்புறம் மங்கின மஞ்சள். நான் மெருகுக்கல்லை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன்.

வெயில் அதில் பட்டது.

கிளம்பினவர்கள் திரும்பி வந்தார்கள். அக்கா மண்டியிட்டு வந்து மூடிக்குள் பார்த்தாள். விரலை நீட்டினாள், தொடவில்லை.

"இவ்ளோதானா?" என்றாள்.

"கெடச்சது இவ்ளோ. பள்ளத்துல ஒட்டினு கீறது மீதி. கொஞ்சம் மண்ணோட போயிருக்கும்."

ஒரு தாலி அளவுகூட இல்லை அது. அவள் எழுந்து கடலில் இறங்கி, மணலை அள்ளி இரண்டு கையையும் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் போய்ப் பிடித்து நிறுத்தினேன். "வுடுமே," என்றாள். விட்டுவிட்டேன்.

நைனா என் வளையலையும் கம்மலையும் திருப்பிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரிடம் போய், "பத்தரே, குழாயில தண்ணி புடிச்சிக்கோ," என்றார். மன்னிப்பு என்கிற வார்த்தையை அவர் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. நடுங்குகிற கையைத் திருட்டுக் கை என்று சொன்னவர்கள் அதற்குமேல் அந்தக் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

கிடைத்த தங்கத்தைத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. அவரால் முடியாது. நான் ஏற்றினேன், கடற்கரையிலேயே, காற்றுக்கு முதுகு காட்டி. கிரீடம் முழுக்கப் பூசினால் பாட்டரி முலாம் மாதிரி ஆகிவிடும் என்று அவர் சொன்னார். அதனால் கிரீடத்தின் முன்பக்கத்தில் இருக்கிற சின்னச் சிலுவைக்கு மட்டும் கனமாக ஏற்றினேன். மற்ற முகடெல்லாம் வெள்ளையாகவே விட்டோம். திருநாளுக்கு அப்படித்தான் மாதா வந்தாள்.

கொடியேற்றத்தன்று அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். "எத்தினி நாளு நிக்கும்?" என்று கேட்டாள்.

"நீ தொடாம இருந்தா, நாம ரெண்டு பேரும் போனப்புறமும் நிக்கும்."

"கருத்தா?"

"வெள்ளிதான் கருக்கும். கருக்கட்டும். பஞ்சுல பூந்திக்கொட்டத் தண்ணி தொட்டு ஒத்து. தேய்க்காத."

"நான் ஒத்தவும் மாட்டேன்," என்றாள். சொன்னபடியே அதற்கப்புறம் ஒரு நாளும் கிரீடத்தின் பக்கம் அவள் போகவில்லை. சனிக்கிழமை வந்தால் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். கை இரண்டையும் முந்தானையில் சுருட்டி வைத்திருப்பாள். எங்களுக்குள் பழைய பேச்சு திரும்பவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், அவ்வளவுதான். அவளும் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார். கடைசிவரை கஞ்சியை நான்தான் ஊட்டினேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் அந்தக் கோயிலில் உட்காருகிறேன். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் கிரீடத்தைப் பார்த்து, "இன்னா ஆயா, மாதா தல இப்டி கருத்துப் போயி கீது, புளி போட்டுத் தேச்சா இன்னா?" என்று கேட்கிறார்கள். சிலுவை மட்டும் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. நான் எழுந்து போய்க் கிரீடத்துக்கு முன்னால் நின்றுகொள்கிறேன்.

"கைய எடு," என்கிறேன்.